மாற்றியாகிவிட்டது, சிலருக்கு மட்டும் ஏன் பழைய தளம் வருகிறது?

இணையத்தில் புத்தகம் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அதன் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றுகிறார்கள். உரிமையாளர் தன் கைப்பேசியில் திறந்து பார்க்கிறார். புதிய தளம் வருகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார். பதினொன்றரை மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கூப்பிடுகிறார்: "சார், பணம் கட்டிட்டேன், ஆர்டர் நம்பரும் வந்திருச்சு. எப்ப அனுப்புவீங்க?" உரிமையாளர் ஆர்டர் பட்டியலைத் தேடுகிறார். அப்படி ஓர் ஆர்டரே இல்லை. ஆனால் பணம் கணக்கில் ஏறியிருக்கிறது.

அந்த ஆர்டர் பழைய சர்வரின் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த வாடிக்கையாளரைப் பொறுத்தவரை கடை இன்னும் இடம் மாறவில்லை. ஒரே பெயரில் இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன. யார் எந்தக் கடைக்குள் நுழைகிறார் என்பதை உரிமையாளரும் தீர்மானிக்கவில்லை, வாடிக்கையாளரும் தீர்மானிக்கவில்லை. இருவருக்கும் நடுவே இருக்கும் ஒரு கணினி, தன்னிடமுள்ள ஒரு நகலையும் அந்த நகலோடு ஒட்டியிருக்கும் ஓர் எண்ணையும் வைத்துத் தீர்மானிக்கிறது. டொமைன் மாற்றத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த எண்ணைப் பார்க்காமல் விட்டதால் வருபவை.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் கண்டுபிடிக்கின்றன. example.com என்று நாம் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி என்ன என்று முதலில் கேட்டறிய வேண்டும். இந்தப் பெயர்–எண் கணக்கை வைத்திருப்பதுதான் டிஎன்எஸ். நம் கணினி நேரடியாக எங்கும் அலைவதில்லை. நமக்கு இணைப்பு தரும் நிறுவனம் நடத்தும் ரிசால்வர் என்ற சர்வரிடம் கேட்கிறது. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகியவையும் இதே வேலையைச் செய்யும் பொது ரிசால்வர்கள். ரிசால்வர் நமக்காக ரூட் சர்வரிடம் போகிறது, அது.com சர்வர்களைக் காட்டுகிறது. அவை அந்த டொமைனின் நேம்சர்வர்களைக் காட்டுகின்றன. அங்கேதான் கடைக்காரர் எழுதிவைத்த உண்மையான பதில் இருக்கிறது.

பதிலை நமக்குக் கொடுத்துவிட்டு ரிசால்வர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. ஒரு நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அடுத்த நிமிடம் அதே பெயரை வேறொருவர் கேட்டால் மறுபடி அத்தனை படி ஏறி இறங்காமல் நகலிலிருந்தே சொல்லிவிடுகிறது. இதைத்தான் கேஷ் என்கிறோம். அந்த நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை ரிசால்வர் தன் இஷ்டப்படி முடிவு செய்வதில்லை. பதிலோடு கூடவே நொடிகளில் ஒரு கெடு வருகிறது. அதுதான் டிடிஎல். 300 என்றால் ஐந்து நிமிடம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு முழு நாள். கெடு முடியும் வரை ரிசால்வர் மூலத்திடம் திரும்பக் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று விதியில்லை, கேட்கத் தேவையில்லை என்பதே ஏற்பாடு.

இந்த ஏற்பாடு வேண்டுமென்றே செய்யப்பட்டது. 1980களின் தொடக்கம் வரை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது அதை எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கெடுவோடு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. எல்லா இடத்திலும் ஒரே நொடியில் ஒரே பதில் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பை அவர் கைவிட்டார். அதனால்தான் இத்தனை பெரிய இணையத்தை அது இன்றும் தாங்குகிறது. கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த தலைவலியும் அதே முடிவின் விளைவுதான்.

இப்போது கடையின் கணக்கைப் பார்ப்போம். பழைய முகவரி 192.0.2.10, புதியது 203.0.113.25. இவை உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள். பழைய பதிவின் டிடிஎல் 86400.

ஞாயிறு காலை 10 மணிக்கு நேம்சர்வரில் எண் மாறிவிட்டது. அந்த நொடியில் உலகத்துக்கு எந்த அறிவிப்பும் போவதில்லை. யார் யாரிடம் நகல் இருக்கிறது என்ற பட்டியலே நேம்சர்வரிடம் கிடையாது. உரிமையாளரின் கைப்பேசி நிறுவனத்தின் ரிசால்வரில் அந்தப் பெயருக்கு நகல் எதுவும் இல்லை. அது புதிதாகக் கேட்டது, புதிய எண் வந்தது. அவருடைய வீட்டு பிராட்பேண்ட் நிறுவனத்தின் ரிசால்வரோ சனிக்கிழமை காலை 10.15க்கு நகல் எடுத்திருந்தது. அதன் கெடு ஞாயிறு 10.15க்கு முடிந்து, பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பணம் கட்டிய வாடிக்கையாளரின் ரிசால்வர் ஞாயிறு காலை 9.40க்கு நகல் எடுத்தது. அதன் கெடு திங்கள் காலை 9.40 வரை ஓடும். அதுவரை அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் எல்லோரும் பழைய கடைக்குத்தான் போவார்கள்.

மூவர் மூன்று விதமாகப் பார்ப்பதற்குக் காரணம் ஊரோ, இணைப்பின் வேகமோ, விலையோ இல்லை. நகல் எடுத்த நேரம் மட்டுமே. ஒரு பெயரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசால்வர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றின் கெடுக்கள் நாள் முழுக்கப் பரவிக் கிடக்கும். எனவே மாற்றம் செய்த இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு ரிசால்வர்கள்தான் புதிய எண்ணுக்கு வந்திருக்கும். பாதியாவது வர இரவு பத்து மணி ஆகும்.

இதில் கடைக்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. யாரும் கேட்காத ரிசால்வரில் நகல் இருக்காது. அதிகம் கேட்கப்படும் ரிசால்வரில் எப்போதும் நகல் இருக்கும். ஆகவே முதன்முறையாகத் தளத்தைத் திறக்கும் யாரோ ஒருவருக்குப் புதிய தளம் உடனே வந்துவிடலாம். வாடிக்கையாளர்கள் கூட்டமாக இருக்கும் நிறுவனத்தின் இணைப்பில்தான் பழையது நீடிக்கும். "எனக்குச் சரியாக வருகிறதே" என்று உரிமையாளரோ அவருடைய நண்பரோ சொல்வது சோதனையே ஆகாது.

சோதிக்க வழி இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் dig என்ற கட்டளை உண்டு. ஒரு குறிப்பிட்ட ரிசால்வரிடம் என்ன நகல் இருக்கிறது என்று அதைக் கொண்டு நேராகக் கேட்கலாம்:

```
dig example.com A @8.8.8.8 +noall +answer
```

நம் கடைக்கு அதன் பதில் இப்படி இருக்கும்:

```
example.com.   2847   IN   A   192.0.2.10
```

நடுவில் இருக்கும் 2847ஐப் பாருங்கள். இந்த நகலுக்கு இன்னும் மிச்சமிருக்கும் ஆயுள் அது: ஏறத்தாழ 47 நிமிடம். பத்து நொடி கழித்து அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் 2837 என்று குறைந்திருக்கும். குறைந்துகொண்டே வந்தால் அது நகல் என்று புரிந்துகொள்ளலாம். கடையின் சொந்த நேம்சர்வரிடமே கேட்டால் எண் குறையாது. எத்தனை முறை கேட்டாலும் எழுதிவைத்த முழு எண்ணே வரும்:

```
dig example.com A @ns1.example.net +noall +answer
```

இந்த இரண்டாவது கேள்விக்குப் புதிய முகவரியும் முதல் கேள்விக்குப் பழைய முகவரியும் வந்தால், மாற்றம் சரியாகத்தான் நடந்திருக்கிறது, காத்திருந்தால் போதும் என்று அர்த்தம். இரண்டாவதற்கே பழைய முகவரி வந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. தவறான இடத்தில் மாற்றியிருக்கிறீர்கள், அல்லது சேமிக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிடுவது எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

8.8.8.8இல் சோதிக்கும்போது ஒரு வினோதமும் காணலாம். ஒரு முறை பழைய எண், அடுத்த முறை புதியது, மூன்றாம் முறை திரும்பவும் பழையது. அந்த முகவரிக்குப் பின்னால் ஒரு கணினி இல்லை, ஏராளமான கணினிகள் இருக்கின்றன. அவற்றின் நகல்களும் வெவ்வேறு. ஒரே ஆள், ஒரே மேசையில் உட்கார்ந்தபடி, இரண்டு தளங்களையும் மாறி மாறிப் பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது.

மாற்றிய பிறகு சிலருக்குப் பழையது வருகிறது என்று தெரிந்ததும், பலர் அவசரமாக டிடிஎல்லை 86400இலிருந்து 300 ஆகக் குறைக்கிறார்கள். அதனால் அன்றைக்கு எந்தப் பயனும் இல்லை. 9.40க்கு நகல் எடுத்த ரிசால்வர், 86400 என்ற கெடுவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது திரும்ப வந்து கேட்டால்தானே 300 என்று சொல்ல முடியும்?

குறைப்பதை மாற்றத்துக்கு முன்பே செய்ய வேண்டும். எவ்வளவு முன்பு என்பதைப் பழைய டிடிஎல்லே சொல்லிவிடும். நம் கடை சனிக்கிழமை காலை 9 மணிக்கே, முகவரியைத் தொடாமல், டிடிஎல்லை மட்டும் 300 ஆக்கியிருந்தால் போதும். அதற்கு முன் நகல் எடுத்த கடைசி ரிசால்வரும் ஞாயிறு 9 மணிக்குள் தன் நாள் கெடுவை முடித்துவிடும். அதன் பிறகு உலகில் எங்கே நகல் இருந்தாலும் அதன் ஆயுள் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. 10 மணிக்கு முகவரியை மாற்றினால் 10.05க்குள் ஏறத்தாழ எல்லோரும் வந்துவிடுவார்கள். புதிய சர்வரில் ஏதாவது கோளாறு என்றால் பழையதற்குத் திரும்புவதும் ஐந்து நிமிட வேலை. எல்லாம் நிலைப்பட்ட பின் டிடிஎல்லைத் திரும்ப உயர்த்திக்கொள்ளலாம்.

எப்போதும் 300 என்றே வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். ஆனால் நேம்சர்வர் விழும் நாளில் நீண்ட கெடுவுள்ள நகல்கள்தான் தளத்தைக் காப்பாற்றும். 2016 அக்டோபர் 21 அன்று, டிஎன்எஸ் சேவை தரும் அமெரிக்க நிறுவனமான டைன் மீது பெரும் தாக்குதல் நடந்தபோது ட்விட்டர், ரெடிட் போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. தளங்களின் சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றின் முகவரியைச் சொல்ல ஆளில்லை. குறுகிய கெடு அத்தகைய நேரத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும். சாதாரணக் கடைக்கு ஒரு மணி நேரக் கெடு பொருத்தம், மாற்றத்துக்கு முன் மட்டும் குறைத்தால் போதும் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது ஐபி முகவரியை மட்டும் மாற்றுவதைப் பற்றி. நேம்சர்வரையே மாற்றினால் கதை வேறு. பலர் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும்போது இதைத்தான் செய்கிறார்கள். எந்த டொமைனுக்கு எது நேம்சர்வர் என்ற தகவல் .com சர்வர்களில் இருக்கிறது. அதன் டிடிஎல் 172800 நொடி, அதாவது இரண்டு நாள். "24 முதல் 48 மணி நேரம் ஆகும்" என்று ஹோஸ்டிங் நிறுவனங்கள் சொல்லும் வாசகத்துக்கு .com டொமைன்களில் இருக்கும் ஆதாரம் இதுதான். அந்த எண்ணைக் குறைக்க டொமைன் உரிமையாளரால் முடியாது, அது அவர் கையில் இல்லை.

அவரால் செய்யக்கூடியது வேறு. புதிய நேம்சர்வரில் எழுதிய அதே புதிய முகவரியைப் பழைய நேம்சர்வரிலும் எழுதிவைக்க வேண்டும். அப்போது எந்த நேம்சர்வரிடம் யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்கும். இரண்டு நாள் தாமதம் யாருக்கும் தெரியவே தெரியாது. இதைச் செய்யாமல், மாற்றிய அன்றே பழைய நிறுவனத்தின் கணக்கை மூடிவிடுபவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். மூடிய கணக்கின் பதிவுகள் அழிந்தால், பழைய நேம்சர்வரை நினைவில் வைத்திருக்கும் ரிசால்வர்களுக்குப் பதிலே கிடைக்காது. அழியாமல் பழைய முகவரியோடு அப்படியே கிடந்தால் இன்னும் மோசம். சில ரிசால்வர்கள் பழைய நேம்சர்வரிடமே "உன் டொமைனுக்கு எது நேம்சர்வர்?" என்று கேட்டுப் புதுப்பித்துக்கொள்கின்றன, அதுவும் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த ரிசால்வர்கள் இரண்டு நாள் தாண்டியும் அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம்.

.com வைத்திருக்கும் தகவலின் கெடு எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் கட்டிப்போடும் என்பதற்கு ஸ்லாக் ஒரு சாட்சி. அலுவலகங்கள் பயன்படுத்தும் அந்த உரையாடல் சேவை 2021 செப்டம்பர் 30 அன்று slack.com டொமைனுக்கு டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பைச் சேர்த்தது. பதில்கள் போலியல்ல என்று காட்ட அவற்றில் மின்கையொப்பம் இடும் முறை இது. ஒரு டொமைன் கையொப்பம் இடுகிறது என்ற குறிப்பு .com சர்வர்களில் பதிவாகும். அந்தக் குறிப்பின் டிடிஎல் ஒரு நாள். ஏதோ சரியில்லை என்று கண்டதும் ஸ்லாக் பொறியாளர்கள் அந்தக் குறிப்பை .com இலிருந்து நீக்கினார்கள். பிறகு, நகல்களின் கெடு முடியும் முன்பே, கையொப்பமிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

குறிப்பின் நகலை வைத்திருந்த ரிசால்வர்கள் "இந்த டொமைனின் பதிலில் கையொப்பம் இருந்தாக வேண்டும்" என்று நம்பிக்கொண்டிருந்தன. கையொப்பம் இல்லாத பதில் வந்ததும் போலி என்று ஒதுக்கின. அங்கே பழைய தளம்கூட வரவில்லை. பெயரே இல்லாதது போலாகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று நிறுவனம் அறிவித்தது. பெரிய ரிசால்வர் நடத்துபவர்களிடம் slack.com நகலை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டது. அப்படி அழிக்கப்படாத இடங்களில், கெடு தீரும் வரை காத்திருப்பதைத் தவிர ஸ்லாக்கால் எதுவும் செய்ய முடியவில்லை.

இல்லை என்ற பதிலுக்கும் நகல் உண்டு. கடைக்காரர் shop.example.com என்ற புதிய பெயரை உருவாக்கும் முன்பே, வந்துவிட்டதா என்று ஆவலில் திறந்து பார்த்தால், "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதில் அவருடைய ரிசால்வரில் பதிந்துவிடும். அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் டொமைனின் SOA பதிவில் உள்ள கடைசி எண் தீர்மானிக்கிறது. அது 3600 என்றால், பெயரை உருவாக்கிய பின்னும் ஒரு மணி நேரம் வரை அவருக்கும் அதே ரிசால்வரைப் பயன்படுத்துபவர்களுக்கும் அது இல்லாததாகவே இருக்கலாம். முதலில் உருவாக்கிவிட்டு, பிறகு திறந்து பாருங்கள்.

எல்லாக் கெடுவும் முடிந்து ஒருவருக்கு மட்டும் பழையது வந்தால், அவருடைய கணினிக்குள் பார்க்க வேண்டும். விண்டோஸ் தனியே ஒரு நகல் வைத்திருக்கும்; `ipconfig /flushdns` என்ற கட்டளை அதை அழிக்கும். குரோம் உலாவிக்கு `chrome://net-internals/#dns` என்ற பக்கம் இருக்கிறது. இன்னொன்று, தளம் உருவாக்குபவர்களின் கணினியில் அடிக்கடி தென்படுவது: சோதனைக்காக hosts கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு அழிக்க மறப்பது. அந்த வரிக்குக் கெடுவே கிடையாது. டிஎன்எஸ்ஸிடம் கேட்காமலே கணினி அதை எடுத்துக்கொள்ளும். உலகமே பழைய தளத்தைப் பார்க்கும்போது அவருக்கு மட்டும் புதியது வரும். அவரும் வேலை முடிந்ததாகச் சொல்லிவிடுவார். சர்வர்களில் ஓடும் சில மென்பொருள்களும் தொடங்கும்போது ஒரு முறை முகவரியைக் கேட்டுவிட்டு, நிறுத்தித் தொடங்கும் வரை மறுபடி கேட்பதில்லை. பணம் செலுத்தும் சேவை போன்ற வேறு நிறுவனங்களின் சர்வர்கள் நாள்கணக்கில் பழைய முகவரிக்கே தகவல் அனுப்பிக்கொண்டிருந்தால் இப்படி ஒன்றைச் சந்தேகிக்கலாம். இவற்றில் டிடிஎல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தத் தொலைந்த ஆர்டருக்குத் திரும்ப வேண்டியதில்லை, அது போன்றது அடுத்த முறை நேராமல் பார்த்துக்கொள்ளலாம். மாற்றம் செய்யும் நேரத்தில் பழைய சர்வரில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு, அங்கே வரும் ஒவ்வொரு வருகையையும் புதிய சர்வருக்கு உள்ளுக்குள்ளேயே கடத்திவிட nginx போன்ற மென்பொருளில் சில வரி போதும். வாடிக்கையாளர் பழைய முகவரியில் வந்து நின்றாலும் புதிய கடையில்தான் பொருள் வாங்குவார். இரண்டு தரவுத்தளம் என்ற பிரச்சினையே எழாது. மின்னஞ்சலையும் மறக்காதீர்கள். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும் MX பதிவுக்கும் இதே கெடுதான். அதை மாற்றிய பின் பழைய அஞ்சல் பெட்டியில் கடிதங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும், அனுப்பியவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் போகாது. கெடு முடியும் வரை அந்தப் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

பழைய ஹோஸ்டிங் கணக்கை இன்னொரு மாதத்துக்குப் புதுப்பிக்க ஆகும் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அதை ரத்து செய்யும் முன் அதன் லாக் கோப்பைத் திறந்து, உண்மையான வாசகர்களின் வருகை நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்ற பிறகு மூடுங்கள்.